ட்ரசோடோன் போடுகிறவர்கள் கேட்கும் கேள்விகள்: கூட இன்னொரு மாத்திரை சேரும்போது

குன்னூரில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளுநராக இருக்கிறேன். ட்ரசோடோன் சீட்டோடு வருகிறவர்களும் அவர்கள் வீட்டாரும் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருப்பதால், அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். அளவை மாற்றுவதும் மருந்தை நிறுத்துவதும் உங்கள் டாக்டர் சொல்லவேண்டியது. எதைக் கவனிக்க வேண்டும், எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பதை மட்டும் இதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

"இது தூக்க மாத்திரையா, மன அழுத்த மாத்திரையாக்கா? டாக்டர் ஒண்ணு சொல்றார், அட்டையில ஒண்ணு போட்டிருக்கு."

இரண்டும்தான். மன அழுத்தத்துக்காக வந்த மருந்து இது. அதற்கு ஒரு நாளைக்கு 150 மில்லிகிராமும் அதற்கு மேலும் தேவைப்படும். ஆனால் 25, 50, 100 மில்லிகிராம் அளவில் நன்றாகத் தூக்கம் வருவதால், இன்று பெரும்பாலானவர்களுக்கு இரவில் ஒரு சிறு அளவாக எழுதப்படுகிறது.

அளவைப் பொறுத்து வேலையும் மாறுகிறது. குறைந்த அளவில் இது, நரம்புகளுக்கு இடையில் செய்தி கடத்தும் செரோட்டோனின் என்ற பொருள் போய் ஒட்டும் சில இடங்களை அடைக்கிறது, நம்மை விழித்திருக்க வைக்கும் ஹிஸ்டமினையும் அடைக்கிறது. தூக்கம் வருவது அதனால்தான். அளவு கூடும்போதுதான் செரோட்டோனினை நரம்பு திரும்ப உறிஞ்சிக்கொள்ளாமல் தடுத்து, அதன் அளவை ஏற்றும் வேலை பெரிதாகிறது. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். செரோட்டோனினை ஏற்றும் இன்னொரு மருந்து கூடச் சேர்ந்தால் அது அளவு மீறி விஷமாகலாம் என்பதால், கீழே பல பதில்களுக்குத் தேவைப்படும்.

"செரோட்டோனின் கூடினா மனசு நல்லா இருக்கும்னுதானே மாத்திரையே குடுக்கறாங்க? அது எப்படி விஷமாகும்?"

செரோட்டோனின் மனநிலைக்கு மட்டும் உரியது அல்ல. குடல் அசைவு, உடல் சூடு, வியர்வை, தசைகளின் முறுக்கு எல்லாவற்றிலும் அதற்குப் பங்கு உண்டு. நரம்புகளுக்கு இடையில் அது அளவுக்கு மேல் தேங்கினால் இவை எல்லாம் ஒரே நேரத்தில் தூண்டப்படும். பேதி, வியர்வை, நடுக்கம், படபடப்பு, கடைசியில் உடல் சூடு ஏறுவது என்று போகும். இதைத்தான் செரோட்டோனின் நச்சு நிலை என்கிறோம். ஒவ்வாமையைப் போல யாரோ சிலருக்கு மட்டும் வருவது அல்ல. போதுமான அளவு ஏறினால் யாருக்கும் வரும்.

"காலையில எஸ்சிட்டாலோபிராம், ராத்திரி ட்ரசோடோன். ஒரே டாக்டர்தான் எழுதினார். போன்ல தேடினா சேர்த்துப் போடக்கூடாதுன்னு வருது. நிறுத்திடட்டுமா?"

நிறுத்தாதீர்கள். இது தெரிந்தே எழுதப்படும் ஜோடி. எஸ்சிட்டாலோபிராம், செர்ட்ராலின் போன்றவை செரோட்டோனினை ஏற்றும் மன அழுத்த மாத்திரைகள், சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும். அதைச் சரிசெய்ய இரவில் 25 அல்லது 50 மில்லிகிராம் ட்ரசோடோன் சேர்ப்பது வழக்கம். அந்த அளவில் ட்ரசோடோன் செரோட்டோனினை ஏற்றுவது மிகக் குறைவு. எச்சரிக்கை எழுதியிருப்பது பொய்யில்லை. ஆனால் அது எல்லா அளவுக்கும் எல்லாச் சேர்க்கைக்கும் பொதுவாக எழுதப்பட்டது.

படித்துப் பயந்து திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை, குமட்டல் என்று வேறு தொல்லை வரும். பழைய மன அழுத்தமும் திரும்பும். சந்தேகம் இருந்தால் எழுதிய டாக்டரிடமே, "இரண்டும் சேர்ந்து இருப்பது தெரிந்துதானே எழுதினீர்கள்?" என்று கேளுங்கள்.

"அப்ப எது சேர்ந்தாத்தான் பயப்படணும்?"

என் அனுபவத்தில் பயப்பட வேண்டியது மூன்றாவதாக வரும் மருந்துக்குத்தான். அதை எழுதுகிறவர் முதல் இரண்டைப் பார்த்திருக்கமாட்டார். மனநல டாக்டர் ஊட்டியில் இருப்பார், எலும்பு டாக்டர் கோவையில் இருப்பார், சளிக்குப் பக்கத்துக் கிளினிக். சர்க்கரை நோயில் கால் எரிகிறது என்று இன்னொருவர் அமிட்ரிப்டிலினோ டுலாக்சிடினோ எழுதியிருப்பார். அவையும் செரோட்டோனினை ஏற்றுபவைதான் என்று நோயாளிக்கு எப்படித் தெரியும்?

எங்கள் மலையில் அடிக்கடி இடிக்கும் மூன்றாவது மருந்து டிரமடால் என்ற வலி மாத்திரை. அதனால் அதற்கே நிறைய இடம் கொடுத்திருக்கிறேன். மோனோஅமைன் ஆக்சிடேஸ் என்ற நொதியைத் தடுக்கும் மருந்துகளோடு ட்ரசோடோன் கூடவே கூடாது. நடுவில் 14 நாள் இடைவெளி வேண்டும். அந்த வகையில் மனநோய் மருந்துகளை இங்கே நான் பார்ப்பது அபூர்வம். ஆனால் அதே வேலையைச் செய்யும் ஒரு கிருமிக்கொல்லி இருக்கிறது, கடைசிக்கு முந்தைய கேள்வியில் வருகிறது.

"தேயிலை பறிச்சு இடுப்பு ஒடிஞ்சு போச்சுன்னு வலி மாத்திரை கேட்டா, எதுக்கு இத்தனை விசாரணை?"

டிரமடாலைச் சாதாரண வலி மாத்திரை என்றே பலரும் நினைக்கிறார்கள். பாராசிட்டமாலோடு கலந்து ஒரே மாத்திரையாக வருவதால் அப்படித் தோன்றுகிறது. உண்மையில் அது அபினைப் போல வேலை செய்யும் ஓபியாய்டு வகை. அதோடு செரோட்டோனினைத் திரும்ப உறிஞ்சவிடாமல் தடுக்கும் வேலையையும் செய்கிறது. அதாவது மன அழுத்த மாத்திரை செய்யும் வேலையில் ஒரு பகுதியை இதுவும் செய்கிறது. வலிப்பு வரும் வாய்ப்பையும் கூட்டும். இந்தியாவில் 2018இலிருந்து போதைப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. சீட்டு இல்லாமல் தரமுடியாது.

சீட்டு இருந்தாலும், "வேறு என்ன மாத்திரை போடுகிறீர்கள்?" என்று நான் கேட்டுக்கொண்டுதான் இருப்பேன். மனநல மாத்திரையை வெளியே சொல்லக் கூச்சமாக இருக்கும், கடையில் பக்கத்தில் தெரிந்தவர் நிற்பார். வாயால் சொல்ல வேண்டாம், அட்டையை நீட்டினால் போதும்.

"டாக்டர் குடுத்த டிரமடால் எனக்குப் பிடிக்கவே இல்ல, வலி அப்படியே இருக்கு. இன்னொண்ணு சேத்துப் போடலாமா?"

மன அழுத்தத்துக்கு ஃபுளூவாக்சிடின் அல்லது பராக்சிடின் போடுகிறவர் இதைக் கேட்டால் எனக்குப் பதற்றமாகிவிடும். டிரமடால் வலியைக் குறைப்பது பெரும்பாலும் அதன் நேரடி உருவத்தால் அல்ல. கல்லீரலில் சிஒய்பி2டி6 என்ற நொதி அதை வேறொரு பொருளாக மாற்றுகிறது, வலியை அடக்குவது அந்தப் பொருள்தான். ஃபுளூவாக்சிடினும் பராக்சிடினும் அந்த நொதியை முடக்கிவிடுகின்றன. அதனால் மாத்திரை மாறாமலே தங்குகிறது. மாறாத டிரமடால்தான் செரோட்டோனினை ஏற்றுவது.

ஆக, வலி குறையவில்லை என்பதே மருந்து தேங்குகிறது என்பதற்கான அடையாளமாக இருக்கலாம். அந்த நேரத்தில் இன்னொரு மாத்திரை போட்டால் வலிக்குப் பெரிதாகப் பலன் வராது, செரோட்டோனின் மட்டும் ஏறும். ட்ரசோடோனுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. அது உடைந்து எம்சிபிபி என்ற பொருளாகிறது. அந்தப் பொருள் செரோட்டோனினைப் போலவே நரம்பைத் தூண்டும், படபடப்பைத் தரும். அதை உடலிலிருந்து வெளியேற்றுவதும் முன்சொன்ன அதே நொதிதான்.

"அப்ப வலிக்கு என்னதான் போடறது?"

பாராசிட்டமால் செரோட்டோனினைத் தொடுவதில்லை. அளவு மீறாமல் முதலில் அதுதான். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் போன்றவையும் செரோட்டோனினை ஏற்றாது. ஆனால் எஸ்சிட்டாலோபிராம், செர்ட்ராலின் வகை மாத்திரைகளோடு சேர்ந்தால் இரைப்பையில் ரத்தம் கசிய வாய்ப்பு கூடும். வயிற்றுப்புண் இருந்தவர்கள், வயதானவர்கள் கேட்காமல் போடக்கூடாது. மேலே தடவும் வலிக் களிம்பு, ஒத்தடம் எல்லாம் தாராளமாகச் செய்யலாம்.

"சளி இருமலுக்கு சிரப் குடிக்கலாமா? தைலம் தேய்க்கலாமா?"

நீலகிரித் தைலம் தேய்ப்பதற்கும் செரோட்டோனினுக்கும் சம்பந்தமே இல்லை. தேய்க்கலாம். சிலர் இரண்டு சொட்டு வெந்நீரில் விட்டுக் குடிக்கிறார்கள், அது வேண்டாம். உள்ளே போனால் தைலமே வலிப்பை வரவழைக்கக்கூடியது.

சிரப்பில்தான் பார்க்க வேண்டும். வறட்டு இருமல் சிரப் பலவற்றில் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான் இருக்கும். அதுவும் செரோட்டோனினை ஏற்றும், அதை அழிப்பதும் முன்சொன்ன நொதிதான். சொன்ன அளவில் ஒரு வேளை குடித்ததற்காகப் பதற வேண்டாம். மழைக்காலத்தில் இருமல் விடவில்லை என்று பாட்டிலைத் திறந்து வாயில் ஊற்றிக்கொள்வதுதான் ஆபத்து. சளியை இளக்கும் அம்ப்ராக்சால் மட்டும் உள்ள சிரப்பில் இந்தத் தொல்லை இல்லை. எது வேண்டும் என்று கடையில் ட்ரசோடோன் பேரைச் சொல்லிக் கேளுங்கள்.

"படர்தாமரைக்கு ஒரு கேப்சூல் குடுத்தாங்க. அதுல என்ன இருக்கு?"

பெரும்பாலும் இட்ராகோனசோலாக இருக்கும். ஈரத்துணி காயாத மாதங்களில் இங்கே நிறையப் போகிறது. அது செரோட்டோனினை ஏற்றாது. ஆனால் ட்ரசோடோனை உடைக்கும் இன்னொரு நொதியை அடைத்துவிடும். நீங்கள் போடுவது 50 மில்லிகிராம்தான் என்றாலும் ரத்தத்தில் அதைவிடப் பெரிய அளவு போட்டது போல ஏறும். கிளாரித்ரோமைசின் என்ற கிருமிக்கொல்லியும் அப்படித்தான். முதலில் தெரிவது காலையில் எழமுடியாத தூக்கமும், நின்றால் தலைசுற்றுவதும். அந்த மருந்து எழுதும்போதே சொன்னால் டாக்டர் ட்ரசோடோன் அளவைக் குறைக்கலாம், அல்லது களிம்பாக மாற்றித் தரலாம்.

"நடுக்கம்னு சொல்றீங்க. மலையில யாருக்குத்தான் நடுக்கம் இல்ல? குளிர் ஜுரமா இதுவான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?"

குளிர் ஜுரத்தில் நடுங்குகிறவர் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுருண்டு படுப்பார். தோல் வறண்டு, மயிர்க்கூச்செறிந்து இருக்கும். வியர்வை பெரும்பாலும் ஜுரம் இறங்கும்போது வரும். செரோட்டோனின் ஏறியவருக்கு நடுங்கும்போதே வியர்வை கொட்டும். குளிரில் எல்லோரும் ஸ்வெட்டர் போட்டிருக்கும்போது அவருடைய சட்டை நனைந்திருக்கும். ஓரிடத்தில் படுக்கமாட்டார், எழுந்து எழுந்து உட்காருவார். கால் சும்மா இருக்காது.

கால்தான் முக்கியம். இந்த நிலையில் நடுக்கமும் துடிப்பும் விறைப்பும் கையைவிடக் காலில் அதிகம். பாதம் தானாகத் தாளம் போடுவது போல வெட்டி வெட்டி அடிக்கும். தொட்டாலே கால் உதறும். விளக்கு வெளிச்சத்திலும் கண்மணி பெரிதாக விரிந்திருக்கும். கண் பக்கவாட்டில் துள்ளுவதும் உண்டு. வயிறு இரைந்து பேதி ஆகும், நெஞ்சு படபடக்கும், பேச்சு கோணும்.

இவை எல்லாம் சேர்ந்து வரவேண்டும் என்று காத்திருக்காதீர்கள். செரோட்டோனினை ஏற்றும் மருந்து புதிதாகச் சேர்ந்திருக்கிறது, அல்லது அளவு கூடியிருக்கிறது. அதற்குப் பிறகு வியர்வையும் பதற்றமும் கால் துடிப்பும் சேர்ந்து தெரிகிறது. கிளம்புவதற்கு அது போதும்.

"நிஜத்துல எப்படி நடக்கும்? ஒரு உதாரணம் சொல்லுங்க."

பலரிடம் கேட்டதைக் கோத்து ஒருவர் கதையாகச் சொல்கிறேன். கோத்தகிரிப் பக்கம் 54 வயது அம்மா. காலையில் ஃபுளூவாக்சிடின் 20, இரவில் ட்ரசோடோன் 50. இரண்டு வருடமாகத் தொல்லை இல்லை. தோட்டத்தில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடி. இன்னொரு கிளினிக்கில் டிரமடாலும் பாராசிட்டமாலும் கலந்த மாத்திரை, மூன்று வேளை. முதல் நாள் வலி குறையவில்லை. மறுநாள் மதியம் இரண்டாகப் போட்டார். இருமலுக்கு வீட்டில் இருந்த சிரப்பும் குடித்தார்.

சாயங்காலம் மூன்று முறை பேதி. மதியச் சாப்பாடு ஒத்துக்கவில்லை என்று நினைத்தார்கள். ஏழு மணிக்குக் கால் நடுக்கம், நெற்றியில் வியர்வை. குளிர் ஜுரம் என்று மகள் இரண்டு கம்பளி போர்த்தி, தனியாக ஒரு பாராசிட்டமாலும் கொடுத்தாள். இறங்கவில்லை. இறங்காது, ஏனென்றால் இந்தச் சூடு தொற்றால் வருவதில்லை. தசைகள் ஓயாமல் முறுக்கி வேலை செய்வதால் வருகிறது. கம்பளி அந்தச் சூட்டை வெளியே போகவிடாமல் வைத்துக்கொண்டது. அம்மா தூங்காமல் புலம்பவே, தூங்கட்டும் என்று ட்ரசோடோனையும் கொடுக்கப் போனார்கள். அதற்குள் பக்கத்து வீட்டு அக்கா காலைப் பார்த்துவிட்டு 108ஐ அழைத்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் முழங்காலில் தட்டினார், கால் வேகமாக உதறியது. பாதத்தைச் சட்டென்று மேல்நோக்கி மடக்கிப் பிடித்தார், அது அவர் கையிலேயே தொடர்ந்து துடித்தது. கண்மணி விரிந்திருந்தது, உடல் சூடு 38.3 டிகிரி செல்சியஸ். மகள் கையோடு எல்லா அட்டையையும் சிரப் பாட்டிலையும் கொண்டுபோயிருந்ததால் காரணம் உடனே தெரிந்தது. எல்லாவற்றையும் நிறுத்தி, டயசிபாம் ஊசியும் குளுக்கோஸ் சலைனும் கொடுத்தார்கள். மறுநாள் சாயங்காலம் கால் அடங்கியது.

"மாத்திரை போட்டு எவ்வளவு நேரத்துல தெரியும்?"

சீக்கிரமே. பெரும்பாலானவர்களுக்கு மருந்து மாறிய அல்லது கூடிய ஆறு மணி நேரத்துக்குள் தொடங்கிவிடும், இல்லாவிட்டாலும் பெரும்பாலும் ஒரு நாளுக்குள். மாதக்கணக்கில் அதே மாத்திரையை அதே அளவில் போடுகிறவருக்கு, எதுவும் மாறாமல் திடீரென்று நடுக்கம் வந்தால் வேறு காரணத்தையும் தேட வேண்டும்.

ஃபுளூவாக்சிடின் மட்டும் இதில் ஏமாற்றும். நிறுத்திய பிறகும் அதன் மிச்சம் ஐந்து வாரம் வரை உடலில் இருக்கும். "போன வாரமே நிறுத்திட்டேன்" என்பவரையும் போட்டுக்கொண்டிருப்பவராகவே கணக்கில் வையுங்கள்.

"லேசா விரல் நடுங்குது, கொஞ்சம் வேர்க்குது, அவ்வளவுதான். இதுக்கும் ஆஸ்பத்திரியா?"

அடுத்த வேளை மாத்திரை போடுவதற்கு முன் டாக்டரிடம் பேசுங்கள். இரவு என்றால் 104க்கு அழைத்துக் கேட்கலாம். தனியாக இருக்காதீர்கள், அடுத்த சில மணி நேரம் யாராவது பக்கத்தில் இருக்கட்டும். லேசானது பெரும்பாலும் மருந்தை நிறுத்தினால் ஒரு நாளில் அடங்கும். ஆனால் எந்த மருந்தை நிறுத்துவது என்பது கேட்டுச் செய்யவேண்டியது.

கால் துடிப்பு, விறைப்பு, உடல் சூடு 38க்கு மேல், புலம்பல், வலிப்பு, இதில் ஒன்று வந்தாலும் கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை, 108தான். நம் ஊரில் ஒரு விஷயத்தைக் கூடுதலாகக் கணக்கில் எடுக்க வேண்டும். மஞ்சூரிலிருந்தோ கூடலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்தோ இரவில், மூடுபனியில், யானை நிற்கும் சாலையில் வண்டி வந்து திரும்ப நேரமாகும். "விடியட்டும், பார்க்கலாம்" என்று நினைக்கும் அந்தச் சாயங்காலமே கூப்பிட்டுவிடுங்கள். வண்டி வரும்வரை கம்பளியை எடுத்துவிடுங்கள், ஜன்னலைத் திறங்கள். கையைக் காலைக் கட்டியோ அமுக்கியோ பிடிக்காதீர்கள். திமிறினால் சூடு இன்னும் ஏறும்.

"எங்க அப்பாவுக்கு வியர்வையெல்லாம் இல்ல. ராத்திரி எழுந்தா தள்ளாடறார், பகல்லயும் தூங்கறார். இதுவும் அதுவா?"

இல்லை, இது வேறு. ட்ரசோடோன் ரத்தக் குழாய்களைத் தளர்த்துவதால் எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்கும். ரத்த அழுத்த மாத்திரையும் போடுகிறவருக்கு அதிகம். செரோட்டோனின் ஏறினால் உடல் விறைத்துத் துடிக்கும். இதில் தளர்ந்து சாயும். கட்டிலில் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு எழச் சொல்லுங்கள், வெளியே இருக்கும் கழிப்பறைக்குத் தனியே விடாதீர்கள், டாக்டரிடம் அளவைக் கேளுங்கள். எழுப்பினாலும் எழவில்லை, மூச்சு மெதுவாக இருக்கிறது என்றால், அதுவும் கூடவே டிரமடாலோ சாராயமோ போயிருந்தால், அது தனி அவசரம். உடனே 108.

"ரத்த டெஸ்ட் எடுத்தா செரோட்டோனின் தெரிஞ்சிடும்ல? பசி டானிக்தான் இதுக்கு மருந்துன்னு சொல்றாங்களே?"

தெரியாது. இதற்கென்று ரத்தப் பரிசோதனை இல்லை. எடுக்கும் பரிசோதனைகள் வேறு நோய் இல்லையென்று பார்க்கவும், சிறுநீரகமும் தசையும் கெடுகிறதா என்று பார்க்கவும்தான். மருத்துவர்கள் ஹன்டர் அளவுகோல் என்ற ஒன்றை வைத்துப் பார்க்கிறார்கள். மருந்து விவரம், கால் துடிப்பு, தட்டினால் உதறுவது, வியர்வை, பதற்றம், சூடு, இவைதான் அதில் இருக்கின்றன. அதனால்தான் மாத்திரை அட்டை அவ்வளவு முக்கியம்.

பசி டானிக்கில் இருக்கும் சைப்ரோஹெப்டடின் செரோட்டோனினை அடைக்கும் என்பது உண்மை, ஆஸ்பத்திரியில் அதைக் கொடுப்பதும் உண்டு. ஆனால் அதற்கான அளவே வேறு, முதல் அளவே 12 மில்லிகிராம். முதன்மைச் சிகிச்சை மருந்தை நிறுத்துவதும், டயசிபாம் அல்லது லோரசிபாம் கொடுத்துத் தசையை அடக்குவதும், உடலைக் குளிர்விப்பதும். சூடு 41ஐத் தாண்டினால் தசைகளை மருந்தால் செயலிழக்கச் செய்து மூச்சுக்கருவி வைப்பார்கள். இதில் எதையும் வீட்டில் டானிக் குடித்து ஈடுகட்ட முடியாது.

"டிபி மருந்துக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டுன்னு ஒருத்தர் சொன்னார். பயமா இருக்கு."

வழக்கமான காசநோய் மருந்துகளைச் சொல்லவில்லை. மருந்துக்கு அடங்காத காசநோய்க்குக் கொடுக்கும் லினசோலிட்தான் முன்பு சொன்ன அந்தக் கிருமிக்கொல்லி. செரோட்டோனினை அழிக்கும் நொதியையே அது தடுக்கிறது. ட்ரசோடோன் போடுகிறவருக்கு அது அவசரமாகத் தேவைப்பட்டால், ட்ரசோடோனை நிறுத்திவிட்டு லினசோலிட்டைத் தொடங்கி, இரண்டு வாரம் கவனிப்பார்கள். லினசோலிட் அதற்குள் முடிந்தால், கடைசி வேளைக்குப் பின் 24 மணி நேரம் வரை கவனிப்பு. காசநோய் மருந்து மாதக்கணக்கில் போகும் என்பதால் மனநல டாக்டரும் காசநோய்ப் பிரிவு டாக்டரும் ஒருவரோடொருவர் பேச வேண்டியிருக்கும். இரண்டு நோட்டையும் இரண்டு இடத்திலும் காட்டுங்கள். பயந்து லினசோலிட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள், நோய் முற்றிவிடும்.

"ஒரு தடவை வந்து சரியாயிடுச்சு. இனிமே ட்ரசோடோனே போடக்கூடாதா?"

அப்படி ஒரே பதில் இல்லை. மேலே சொன்ன அம்மா விஷயத்தில் இடித்தது டிரமடாலும் சிரப்பும் சேர்ந்தது. ட்ரசோடோன் 50ஐ மனநல டாக்டர் பிறகு மறுபடி தொடங்கலாம், மாற்றவும் செய்யலாம். நடுக்கம் முழுதும் அடங்கும்வரை எதையும் நீங்களாகத் தொடங்கக்கூடாது. ஃபுளூவாக்சிடின் போட்டவர் என்றால் அந்த ஐந்து வாரக் கணக்கும் இருக்கிறது.

நோட்டின் முதல் பக்கத்தில், எந்த மருந்துகள் சேர்ந்தபோது இது வந்தது என்று டாக்டரிடமே தேதியோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பல் பிடுங்கப் போனாலும், அறுவை சிகிச்சைக்குப் போனாலும் அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். மயக்க மருந்து டாக்டருக்கு அது மிகவும் தேவை, ஏனென்றால் அறுவை அறையில் கொடுக்கும் பெத்திடின், ஃபென்டனில் போன்ற வலி ஊசிகளும் செரோட்டோனினோடு இடிக்கக்கூடியவை.